பள்ளத்தில் நிற்கும் பால் கடைவாய்ப்பல்: பிடுங்குவதா, பொறுத்திருப்பதா?

*"என் மகளுக்கு 9 வயது. கீழ்வரிசையில் வலப்பக்கம் கடைசிப் பால் கடைவாய்ப்பல் மட்டும் பக்கத்துப் பற்களைவிடப் பள்ளத்தில் இருக்கிறது. முன்பு சமமாகத்தான் இருந்தது. வலி இல்லை, சொத்தை இல்லை. பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, 'அடியில் நிரந்தரப் பல் இருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், 6 மாதம் கழித்து வாங்க' என்று அனுப்பிவிட்டார். என் நாத்தனாரோ, 'பல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அடியில் இருக்கிற பல்லை நசுக்கிவிடும், உடனே பிடுங்கிவிடு' என்கிறார். பல் ஏன் உள்ளே போகிறது? காத்திருந்தால் ஆபத்தா? எக்ஸ்ரே அடிக்கடி எடுக்க வேண்டியிருக்குமா? 5 வயதில் ஒரு பையனும் இருக்கிறான், அவனுக்கும் வருமா?"*
— ஒரு வாசகி, தேனி மாவட்டம்

முதலில் நாத்தனாரின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் மகளின் பல் உள்ளே போகவில்லை. நின்ற இடத்திலேயே நிற்கிறது. சுற்றியிருக்கிற பற்களும் எலும்பும்தான் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன.

எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு உண்டு. என் சின்ன வயதில் அந்த வீட்டுக்குள் போக இரண்டு படி ஏற வேண்டும். ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டினார்கள். இன்றைக்கு அதே வீட்டுக்குள் இரண்டு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. வீடு புதையவில்லை, தெரு உயர்ந்துவிட்டது. அமுங்கிய பல் என்று நாங்கள் சொல்வதும் இதே கதைதான். அமுங்கிய பல் என்ற பெயரே கொஞ்சம் தப்பான பெயர். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் பெற்றோர் பலரும் பயந்துபோகிறார்கள். கீழே இறங்காத பல் அடியில் இருப்பதை நசுக்க வழியில்லை.

ஏன் அந்த ஒரு பல் மட்டும் ஏறாமல் நின்றுவிட்டது என்பதற்குப் பல் எப்படி எலும்பில் உட்கார்ந்திருக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். சுவரில் அடித்த ஆணி மாதிரிப் பல் எலும்பில் நேராகப் பதிந்திருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் அதன் தடிமன். நுண்ணிய நார்களால் ஆன அந்தச் சவ்வில் பல் தொட்டில் போலத் தொங்குகிறது. நாம் கடிக்கும்போது அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். குழந்தையின் முகம் வளர்ந்து, மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றைவிட்டு ஒன்று விலக விலக, அந்த இடைவெளியை நிரப்பப் பற்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்ப முடிவதும் இந்தச் சவ்வு இருப்பதால்தான். பல் எழும்பும்போது சுற்றியுள்ள எலும்பையும் கூடவே கூட்டிக்கொண்டு எழும்பும்.

இப்போது உங்கள் மகளின் வயதில் நடக்கிற இன்னொரு வேலையைப் பாருங்கள். பால் பல் விழ வேண்டுமானால் அதன் வேர் கரைய வேண்டும். அடியில் நிரந்தரப் பல் உருவாகி வரும்போது அதற்கென்றே வருகிற செல்கள் பால் பல்லின் வேரை அரித்துக்கொண்டே போகும். ஆனால் இந்த அரிப்பு ஒரே மூச்சில் நடப்பதில்லை. கொஞ்ச நாள் அரிக்கும், கொஞ்ச நாள் ஓயும். ஓய்ந்திருக்கும் நாட்களில் உடம்பு தன் வழக்கப்படி, அரித்த இடத்தைச் சரி செய்யப் பார்க்கும். பால் பல் ஆடத் தொடங்கி, அப்புறம் திடீரென்று இறுகிவிட்டதாகத் தாய்மார் சொல்வார்கள். அது இந்த ஓய்வுக் காலம்தான். இப்படிச் சரி செய்கிற வேலையில், எங்கேயாவது ஒரு புள்ளியில் அந்தச் சவ்வு அறுந்துபோய், எலும்பும் வேரும் நேரடியாக ஒட்டிக்கொண்டுவிட்டால் கதை முடிந்தது. ஒரு கடுகளவு இடத்தில் ஒட்டினாலும் போதும், பல் அந்த உயரத்திலேயே பூட்டப்பட்டுவிடும். இந்த ஒட்டுதலைத்தான் நாங்கள் ஆன்கிலோசிஸ் என்கிறோம். பக்கத்துப் பற்கள் வருடா வருடம் ஏற, பூட்டிய பல் அங்கேயே நிற்கும்.

ஏன் சில குழந்தைகளுக்கு மட்டும் இப்படி? முழுக் காரணமும் பிடிபடவில்லை. குடும்ப வாகு இருப்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது. மிட்டாய், பல் தேய்க்காதது, சத்துக் குறைவு, ஒரே பக்கம் மெல்லுவது, இதில் எதுவும் காரணம் இல்லை. கீழே விழுந்து அடிபட்டால் பல் எலும்போடு ஒட்டுவது உண்டு. ஆனால் அது பெரும்பாலும் முன்பற்களில் பார்ப்பது. ஆகவே "நான் எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டேனோ" என்ற எண்ணம் உங்கள் மனதில் இருந்தால் விட்டுவிடுங்கள். இது அபூர்வமான கோளாறும் இல்லை. நூறு குழந்தைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் சிலருக்காவது இருக்கும். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடையில்தான் அதிகம்.

டாக்டர் பல்லைத் தட்டிப் பார்த்தாரா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். வாய்க்குள் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் கைப்பிடி முனையால் பக்கத்துப் பல்லையும் இந்தப் பல்லையும் மாறி மாறி மெல்லத் தட்டுவோம். சவ்வில் தொங்குகிற பல் சாக்குப் பையை வைத்துத் தட்டியதுபோல அடங்கிய ஒலி தரும். ஒட்டிய பல் கருங்கல்லைத் தட்டியதுபோல 'டக்' என்று கணீரென்று கேட்கும். சந்தையில் பானை வாங்குகிறவர் தட்டிப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிப்பதுபோலத்தான், காது பழகிவிட்டால் தெரிந்துவிடும். என்றாலும் வேரில் ஓரளவு பரப்பாவது ஒட்டியிருந்தால்தான் ஒலி மாறும். சின்னப் புள்ளி ஒட்டுதலை ஒலியில் பிடிக்க முடியாது. எக்ஸ்ரேயும் இதில் முழுச் சாட்சி இல்லை. படம் தட்டையானது. ஒட்டிய புள்ளி கன்னத்துப் பக்கமோ நாக்குப் பக்கமோ இருந்தால் வேரின் நிழலிலேயே மறைந்துவிடும். அதனால் "எக்ஸ்ரேயில் ஒட்டின மாதிரித் தெரியவில்லை" என்று யாராவது சொன்னாலும் குழம்ப வேண்டாம். சமமாக இருந்த பல் பிறகு பள்ளத்துக்குப் போய்விட்டது என்று நீங்கள் எழுதியிருப்பதே பெரிய அடையாளம்.

சரி, பூட்டிய பல்லைத் திறந்துவிடுவது யார்? அடியில் இருக்கிற நிரந்தரப் பல்தான். அது உருவாகி மேலே வர வர, பால் பல்லின் வேரை அரிக்கிற வேலை மறுபடி தொடங்கும். அந்த அரிப்பு ஒட்டிய புள்ளியையும் சேர்த்தே தின்றுவிடும். கடைசிப் புள்ளி கரைந்ததும் பூட்டு விட்டுப்போகும், பல் ஆடும், விழும். ஸ்வீடனில் யூரி குரோல் என்ற பல் மருத்துவரும் அவரோடு பணியாற்றியவர்களும் 1980களில் இப்படிப்பட்ட குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அடியில் நிரந்தரப் பல் சரியாக இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் பால் பல் தானாகவே விழுந்தது. தாமதம் சுமார் 6 மாதம்தான். தாழ்ந்திருந்த எலும்பும் புதுப் பல் முளைத்து வரும்போது கூடவே உயர்ந்து சமமாகிவிட்டது. உங்கள் டாக்டர் "காத்திருப்போம்" என்று சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்த அனுபவம்தான்.

பிடுங்கினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். சாதாரணப் பல்லை எடுக்கும்போது அந்தச் சவ்வு இருக்கிற இடுக்கு வழியாகத்தான் பல்லை நெம்பித் தளர்த்துவோம். ஒட்டிய இடத்தில் அந்த இடுக்கே இல்லை. இழுத்தால் வேர் முறியும். பல்லை இரண்டாக அறுத்து, சில நேரம் எலும்பையும் கொஞ்சம் செதுக்கி எடுக்க வேண்டியிருக்கும். பால் கடைவாய்ப்பல்லின் இரண்டு வேர்களும் இடுக்கி மாதிரி விரிந்து நிற்கும். நிரந்தரப் பல்லின் முளை சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். முறிந்த வேரை அங்கே துழாவுவது முளைக்கு நல்லதில்லை. அதோடு, இந்த இடத்தில் வர வேண்டிய முன்கடைவாய்ப்பல் கீழ்த்தாடையில் சாதாரணமாக 11, 12 வயதில்தான் முளைக்கும். 9 வயதில் எடுத்துவிட்டால் இரண்டு, மூன்று வருடம் அந்த இடம் காலியாக இருக்கும். பின்னால் இருக்கிற ஆறு வயதுக் கடைவாய்ப்பல், அதாவது ஆறு வயது வாக்கில் முளைக்கிற முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல், முன்னால் சரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்க ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்ற கம்பி வளையத்தை ஒட்டி, அதையும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே அவசியம் வந்தால் ஒழியக் கை வைக்காமல் இருப்பதே இந்தக் குழந்தைக்கு நல்லது என்பது என் கருத்து.

ஆனால் 6 மாதம் கழித்து வாங்க என்பதை வராவிட்டாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதில் ஆபத்து பல் பள்ளத்தில் இருப்பதில் இல்லை, பார்க்காமல் விடுவதில்தான் இருக்கிறது. இன்றைக்கு ஒரு முறை பார்த்து எவ்வளவு பள்ளம் என்று சொல்வதால் பெரிய பயன் கிடையாது. எவ்வளவு வேகமாகப் பள்ளம் கூடுகிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டும். அதற்கு இரண்டு அளவுகள் வேண்டும், நடுவில் காலம் வேண்டும். 6 மாதம் என்ற கணக்கு இதற்காகத்தான்.

அளப்பது எப்படி என்று சொல்கிறேன். பின்னால் இருக்கிற ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லின் மேட்டிலிருந்து, முன்னால் இருக்கிற முதல் பால் கடைவாய்ப்பல்லின் மேடு வரை ஒரு நேர் விளிம்பை வைத்து, அங்கிருந்து அமுங்கிய பல்லின் மேல்பரப்பு எத்தனை மில்லிமீட்டர் கீழே என்று கோடு போட்ட ஊசி போன்ற கருவியால் அளப்போம். ஒரு போட்டோவோ அச்சோ எடுத்து வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் லேசானது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் எண்ணைவிட முக்கியமானது, பக்கத்துப் பற்களோடு அது தொட்டுக்கொண்டிருக்கும் இடம். பற்கள் பக்கவாட்டில் ஒன்றையொன்று தொடுகிற புள்ளி உண்டு. அமுங்கிய பல்லின் மேல்விளிம்பு அந்தப் புள்ளிக்கு மேலே இருக்கிறவரை மூன்று பற்களும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கும். விளிம்பு அந்தப் புள்ளிக்குக் கீழே போய்விட்டால் பக்கத்துப் பற்களுக்கு முட்டுக்கொடுக்க ஆள் இல்லை. இரண்டு பக்கமும் பள்ளத்தை நோக்கிச் சாயத் தொடங்கும். ஈறுக்குள் ஒரு பல்லையும் அடுத்த பல்லையும் இணைக்கிற நார்கள் உண்டு. நடுப்பல் தாழத் தாழ அந்த நார்கள் இழுபட்டு, சாய்வதற்குத் துணைபோகும். மேல்வரிசையில் எதிரே இருக்கிற பல்லும் கடிக்க எதுவும் கிடைக்காமல் கீழே இறங்கிவரும். விளிம்பு ஈறு மட்டத்துக்கே போய்விட்டால் அது கடுமையான நிலை.

சாய்வில் எவ்வளவு பொறுக்கலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கீழ்த்தாடையின் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் சுமார் 10 மில்லிமீட்டர் அகலம். அது விழுந்தபின் அங்கே வருகிற முன்கடைவாய்ப்பல் 7 மில்லிமீட்டர் அல்லது கொஞ்சம் கூட இருக்கும். பால் பல் தேவையைவிடக் கூடுதலாக இடம் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே லேசான சாய்வைக் கண்டதும் பதற வேண்டியதில்லை. அந்தக் கூடுதல் இடம் தீர்ந்துபோவதற்குள் கவனித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயில் நாங்கள் பார்ப்பது முக்கியமாக மூன்று. முன்கடைவாய்ப்பல் நேராக மேல்நோக்கி நிற்கிறதா, கோணலாகத் திரும்பியிருக்கிறதா? அதன் வேர் எவ்வளவு உருவாகியிருக்கிறது? பால் பல்லின் வேர் கரைகிறதா? நிரந்தரப் பல் சாதாரணமாக அதன் வேர் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நான்கில் மூன்று பங்கு வரை உருவான கட்டத்தில் ஈறைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஆகவே முன்கடைவாய்ப்பல்லின் வேர் அவ்வளவு வளர்ந்தும் பால் பல்லின் வேர் கரையாமல் முழுசாக நின்றால், இது தானாகத் திறக்கிற பூட்டு இல்லை என்று முடிவுக்கு வருவோம். இதற்காக ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே தேவையில்லை. 6 மாதத்துக்கு ஒரு தடவை கண்ணால் பார்த்து அளந்தால் போதும். வேகம் அதிகமாக இல்லாவிட்டால் வருடத்துக்கு ஒரு சின்னப் படம் அல்லது அதைவிடக் குறைவாகவே எடுப்போம். அந்தச் சின்னப் படத்தின் கதிர்வீச்சு மிகக் குறைவு. தேவையான நேரத்தில் எடுக்கத் தயங்க வேண்டாம், தேவையில்லாமல் எடுக்கச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம்.

நான் பார்த்த ஒரு சிறுமியின் கதையைச் சொன்னால் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று புரியும். ஒன்பதரை வயதில் வந்தாள். கீழே இடப்பக்கம், உங்கள் மகளுக்கு இருப்பது போலவே கடைசிப் பால் கடைவாய்ப்பல். முதல் அளவு ஒன்றரை மில்லிமீட்டர். தட்டியபோது கல் ஒலி. 6 மாதத்தில் 2 ஆனது, ஒரு வருடத்தில் இரண்டரை. விளிம்பு தொடுபுள்ளிக்குச் சற்று மேலேயே இருந்தது. அப்போது எடுத்த படத்தில் முன்கடைவாய்ப்பல் நேராக இருந்தது, அதன் வேர் பாதி உருவாகியிருந்தது, பால் பல்லின் பின்வேர் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. முன்வேரில்தான் ஒட்டுதல் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. பதினோரு வயதில் வலப்பக்கப் பால் பல் விழுந்துவிட்டது, இடப்பக்கம் அசையவே இல்லை. "மேடம், இன்னுமா காத்திருக்கணும்?" என்று அவள் அம்மா கேட்டார். வலப்பக்கம் விழுந்த தேதியை அவரையே காலண்டரில் குறிக்கச் சொன்னேன். அங்கிருந்து 6 மாதம் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஐந்தாம் மாதக் கடைசியில் போன் வந்தது. அதுவரை பாறை மாதிரி இருந்த பல் ஒரே வாரத்தில் ஆடி, முறுக்கு கடிக்கும்போது கையோடு வந்துவிட்டது. இந்தத் திடீர்த்தனம் இயல்புதான். கடைசி ஒட்டுப்புள்ளி கரைகிறவரை பல் அசையாது, கரைந்தபின் பிடித்துவைக்க எதுவும் இருக்காது. அவளுக்குப் பதின்மூன்று வயதில் எடுத்த படத்தில் இரண்டு பக்கமும் எலும்பு ஒரே மட்டத்தில் இருந்தது.

எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடுகிற இந்தத் தேதிக் கணக்கை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அதே பல் விழுந்து 6 மாதத்துக்குள் வலப்பக்கமும் விழுந்துவிட்டால் நல்லது. 6 மாதம் தாண்டியும் ஆடவில்லை என்றால் புதிதாகப் படம் எடுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு வருடம் வரை சும்மா விடக் கூடாது.

இன்னொரு பையன் 11 வயதில் வந்தான். சாப்பாடு மாட்டிக்கொள்கிறது என்பதுதான் புகார். வாயைத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் பல்லே தெரியவில்லை. ஈறில் மிளகு அளவுக்கு ஒரு துவாரம், அதன் வழியாக உள்ளே பல்லின் வெள்ளை. 7 வயதிலேயே யாரிடமோ காட்டியிருக்கிறார்கள். பால் பல்தானே, தானாக விழும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திரும்ப எப்போது வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஒட்டுதல் எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறதோ, அவ்வளவு வளர்ச்சி மீதமிருக்கும், அவ்வளவு ஆழம் போகும். நான்கு வருடத்தில் ஆறு வயதுக் கடைவாய்ப்பல் அந்தப் பள்ளத்தின்மேல் கூரை போலச் சாய்ந்துவிட்டது. 7 மில்லிமீட்டர் வேண்டிய முன்கடைவாய்ப்பல்லுக்கு 4 மில்லிமீட்டர் வாசல்தான் மிச்சம். பல்லை அறுத்து எடுத்து, சாய்ந்த பல்லைக் கிளிப் போட்டு நிமிர்த்தி, வாசலைத் திறந்துவிட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முன்கடைவாய்ப்பல் கடைசியில் வந்துவிட்டது. ஆனால் 7 வயதிலிருந்து 6 மாதத்துக்கு ஒரு தடவை அளந்திருந்தால், சாய்வு தொடங்கிய கட்டத்திலேயே பல்லை எடுத்து ஒரு சின்னக் கம்பி வளையத்தோடு வேலை முடிந்திருக்கும். அந்தப் பையன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

ஆகவே எடுத்தே ஆக வேண்டிய நிலைகள் இருக்கின்றன. விளிம்பு தொடுபுள்ளிக்குக் கீழே போய் பக்கத்துப் பற்கள் சாயத் தொடங்கினால், ஈறு மூடப் பார்த்தால், முன்கடைவாய்ப்பல் திசை மாறினால், தேதிக் கணக்கு தாண்டினால் உங்கள் டாக்டரே எடுக்கச் சொல்வார். அப்போது தயங்க வேண்டாம். சில நேரம் நடுவழி ஒன்றும் உண்டு. பள்ளம் மிதமாக இருந்து, விழ இன்னும் நாளிருந்தால், பல்லின் மேல் பல் நிறச் சிமெண்டாலோ உறையாலோ உயரம் கூட்டி, பக்கத்துப் பற்களுக்கு முட்டுக்கொடுக்கலாம். வளர்கிற குழந்தைக்கு அது நிரந்தரம் இல்லை. தெரு மறுபடி உயரும், உயரம் மறுபடி போதாமல் போகும். ஆனாலும் ஒரு வருடத்தைக் கடத்த அது பல நேரம் போதும்.

இதே பிரச்சினையோடு இதைப் படிக்கிற வேறு பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்னது எல்லாம் அடியில் நிரந்தரப் பல் இருக்கிற குழந்தைக்கு. அமுங்கிய பல் உள்ளவர்களில் சிலருக்கு அடியில் முன்கடைவாய்ப்பல்லே இருக்காது. அப்போது பூட்டைத் திறக்க ஆள் இல்லை, புதுப் பல்லோடு எலும்பு ஏறி வருவதும் நடக்காது. வேர் நன்றாக இருந்து பள்ளம் மெதுவாகக் கூடினால் அந்தப் பால் பல்லையே உயரம் கூட்டிப் பல வருடம் வைத்திருக்கலாம். 20 வயது வரை நன்றாக நின்ற பல் பெரும்பாலும் அதற்கப்புறமும் நெடுநாள் நிற்கிறது. வேகமாகத் தாழ்ந்தால், எலும்பு பள்ளமாகிப் போவதற்குள் எடுத்துவிட்டு, இடத்தை மூடுவதா, பிற்பாடு பல் கட்ட வைத்திருப்பதா என்று கிளிப் போடுகிற நிபுணரோடு சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். இந்த முன்கடைவாய்ப்பல் சில குழந்தைகளுக்கு 8, 9 வயதில்தான் எக்ஸ்ரேயில் தெரியத் தொடங்கும் என்பதால் 6 வயதுப் படத்தை வைத்து "பல் இல்லை" என்று தீர்ப்பு சொல்லிவிடவும் கூடாது. உங்கள் மகளுக்குப் பல் இருப்பது தெரிந்துவிட்டது. அது பெரிய நிம்மதி.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. வழக்கம்போல பிரஷ்ஷை வரிசையின் நீளவாக்கில் ஓட்டினால் அதன் நார் பக்கத்துப் பற்களின் மேலேயே போய்விடும், பள்ளத்தில் இருக்கிற பல்லைத் தொடாது. இரவில் நீங்களே அவள் வாயைத் திறக்கச் சொல்லி, பிரஷ்ஷைக் கன்னத்திலிருந்து நாக்கை நோக்கிக் குறுக்காகத் திருப்பி, அந்த ஒரு பல்லின்மேல் பத்துத் தடவை தேய்த்துவிடுங்கள். இந்தப் பல்லைவிட, அதை ஒட்டிய ஆறு வயதுக் கடைவாய்ப்பல்லின் முன்பக்கச் சுவரில்தான் எனக்குக் கவலை. உணவு தங்குவது அங்கேதான், அது சொத்தையானால் இழப்பது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல். அந்த இடுக்கில் நூல் விட்டு எடுக்க அவளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஸ்பூன் கைப்பிடியால் கன்னத்தை ஒதுக்கிக்கொண்டு வெளிச்சத்தில் ஒரே கோணத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது. இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். ஈறு பல்லின்மேல் ஏறி மூடுகிற மாதிரி இருந்தாலோ, பின்பல் முன்னால் குனிகிற மாதிரித் தெரிந்தாலோ, தினமும் உணவு மாட்டினாலோ, வீக்கம் வந்தாலோ 6 மாதம் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை போகும்போது அந்தப் படங்களையும் பழைய எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டுபோய், "போன தடவை எத்தனை மில்லிமீட்டர், இப்போது எத்தனை?" என்று கேளுங்கள். அளவைக் குறித்துவைத்திருக்கிற டாக்டர் சந்தோஷமாகவே சொல்வார்.

பையனைப் பற்றி. உடன்பிறந்தவர்களுக்கு வர மற்றக் குழந்தைகளைவிட வாய்ப்பு அதிகம். வந்தே தீரும் என்று இல்லை. அக்காவோடு அவனையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு தடவை பால் கடைவாய்ப்பற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது எக்ஸ்ரே தேவையில்லை. அவனுக்கு ஆறு வயதுக் கடைவாய்ப்பல் முழுசாக முளைத்து வந்தபின், அதற்கு முன்னால் இருக்கிற பால் பல்லோடு சமமாக நிற்கிறதா என்று வருடத்துக்கு இரண்டு முறை நீங்களே விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். ஒரு படி இறங்குகிற மாதிரி விரலுக்குத் தட்டுப்பட்டால் அப்போது கூட்டிக்கொண்டு போனால் போதும்.